பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவாரா?

1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைக் கவனிக்கும் ஆணையம் ஒரு தரவுத் தொகுப்பை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. சுமார் 1,35,000 பேரின் மருத்துவப் பதிவுகள் அதில் இருந்தன. பெயர், முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் கொடுத்தார்கள். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க ஜிப் கோடு (நம் பின்கோடு மாதிரி) ஆகிய மூன்றும் அப்படியே இருந்தன. ஆய்வுக்கு அவை தேவைதானே என்று விட்டிருப்பார்கள்.

அப்போது எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த லதான்யா ஸ்வீனி, மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவு இதில் இருக்க வேண்டும் என்று கணித்தார். வெல்ட் குடியிருந்தது கேம்பிரிட்ஜ் நகரில். அந்த நகரின் வாக்காளர் பட்டியலை ஸ்வீனி 20 டாலர் கொடுத்து வாங்கினார். அதில் பெயர், முகவரி, பிறந்த தேதி, பாலினம், ஜிப் கோடு எல்லாம் இருந்தன. வெல்ட் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூன்று பேர். அந்த மூவரில் அவருடைய ஜிப் கோட்டில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம், எழ வேண்டும். வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்காதவர்களும் ஊரில் இருப்பார்களே, அதே மூன்று விவரங்களும் உள்ள இன்னொருவர் இருந்தால்? ஆனால் 1996 மே மாதம் வெல்ட் ஒரு பட்டமளிப்பு விழா மேடையில் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனது செய்திகளில் வந்திருந்தது. மருத்துவமனைப் பதிவையும் அந்த நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

தனியாக எடுத்தால் பிறந்த தேதியோ பாலினமோ யாரையும் காட்டிக்கொடுக்காது. சேர்ந்தால்தான் சிக்கல். இப்படிப்பட்ட விவரங்களை மறைமுக அடையாளங்கள் என்று வைத்துக்கொள்வோம். 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, இந்த மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியும் என்று ஸ்வீனி மதிப்பிட்டார்.

இதற்கு அவரும் பியராஞ்செலா சமராத்தியும் 1998இல் முன்வைத்த வழிதான் கே-அநாமதேயம். விதி எளிமையானது: அட்டவணையில் எந்த வரிசையை எடுத்தாலும், அதே மறைமுக அடையாளங்கள் உள்ள வரிசைகள் அதையும் சேர்த்துக் குறைந்தது k இருக்க வேண்டும். k என்பது 3 என்றால், பக்கத்து வீட்டுக்காரரின் வயதும் தெருவும் தெரிந்தவர்கூட மூன்று வரிசைகளுக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் நெருங்க முடியாது. இதைச் செய்ய விவரங்களை மழுங்கடிக்கிறோம். 52 வயது என்பது 50–59 ஆகிறது, 02138 என்பது 0213* ஆகிறது. எந்தக் கூட்டத்திலும் சேராமல் தனித்து நிற்கும் வரிசை இருந்தால் அதை எடுத்தே விடுகிறோம். மழுங்கடித்தபின் கிடைப்பது இப்படி இருக்கும் (விளக்கத்துக்காக நானே எழுதிய அட்டவணை):

| ஜிப் கோடு | வயது | பாலினம் | நோய் |
|---|---|---|---|
| 0213* | 50–59 | ஆண் | இதய நோய் |
| 0213* | 50–59 | ஆண் | சர்க்கரை நோய் |
| 0213* | 50–59 | ஆண் | ஆஸ்துமா |
| 0214* | 30–39 | பெண் | காசநோய் |
| 0214* | 30–39 | பெண் | காசநோய் |
| 0214* | 30–39 | பெண் | காசநோய் |

விதிப்படி இது சரியான அட்டவணை. ஆனால் கீழே உள்ள மூன்று வரிசைகளைப் பாருங்கள். 02141இல் இருக்கும் 34 வயதுப் பெண் ஒருவர் இந்த மருத்துவமனைக்குப் போனது எனக்குத் தெரியும் என்றால், மூன்றில் அவர் வரிசை எது என்று நான் தேட வேண்டியதே இல்லை. எதுவாக இருந்தாலும் நோய் காசநோய்தான். வரிசையை மறைத்தோம், நோயை மறைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் நோய் விவரம் போதிய அளவு வேறுபட வேண்டும் என்ற கூடுதல் விதி 2006 வாக்கில் வந்தது. k எவ்வளவு என்று மட்டும் சொல்லி ஒரு அட்டவணையைப் பாதுகாப்பானது என்று சான்று தருவதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுதான் காரணம்.

சரி, ஆள் ஆளாக வரிசைகளைத் தராமல், கூட்டுத்தொகையை மட்டும் கொடுத்தால்? புள்ளியியல் தரவுத்தளங்கள் செய்வது அதைத்தான். கேள்வி கேட்கலாம், எண்ணிக்கையோ மொத்தமோ பதிலாக வரும். ஐந்து பேருக்குக் குறைவானவர்களைப் பற்றிய கேள்விக்குப் பதில் கிடையாது என்று ஒரு காவலும் போடுவார்கள். இந்தக் காவலை எப்படித் தாண்டலாம் என்பதை டோரதி டென்னிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1979இலேயே காட்டிவிட்டார்கள்.

ஒரு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 12 பேர், அதில் ஒரே ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சம்பளத்தை நேராகக் கேட்டால், அது ஒருவரைப் பற்றியது என்பதால் தரவுத்தளம் மறுத்துவிடும். அப்படியானால் இப்படிக் கேட்கலாம்:

```sql
SELECT SUM(salary) FROM staff
WHERE dept = 'Accounts';

SELECT SUM(salary) FROM staff
WHERE dept = 'Accounts' AND sex = 'M';
```

முதல் கேள்வி 12 பேரைப் பற்றியது, இரண்டாவது 11 பேரைப் பற்றியது. இரண்டுமே ஐந்தைத் தாண்டியவை, ஆகவே பதில் வரும். முதலாவது 6,40,000 என்றும் இரண்டாவது 5,86,000 என்றும் வந்தால், கழித்துப் பார்க்க வேண்டியதுதான்: அந்தப் பெண்ணின் சம்பளம் 54,000. இரண்டாவது கேள்வியை டிராக்கர் என்பார்கள். காலடித் தடம் பார்த்து ஆளைத் தேடுவதுபோல, மறைந்திருப்பவர் இருக்கும் இடத்துக்கு அது கொண்டுபோய் விடுகிறது.

அச்சிட்ட அட்டவணையிலும் இதே கணக்குதான். ஒரு கட்டத்தில் 2 பேர் மட்டும் இருக்கிறார்கள் என்று அதை நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிட்டு, வரிசையின் கூட்டுத்தொகையை ஓரத்தில் விட்டுவைத்தால், மற்றக் கட்டங்களைக் கழித்து மறைத்ததை எடுத்துவிடலாம். அதனால் அதே வரிசையில் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். அப்புறம் நெடுவரிசைக் கூட்டுத்தொகை வழியாக அந்த இரண்டும் வெளியே வந்துவிடும் என்பதால், அவற்றுக்கு நேராக இன்னொரு வரிசையில் இரண்டு கட்டங்களையும் மறைக்க வேண்டும். ஒரு கட்டத்தைக் காப்பாற்ற நான்கு கட்டங்கள் போகின்றன.

கேள்விகளைக் கண்காணித்துத் தடுக்கலாமே என்று தோன்றும். இதற்கு முன் கொடுத்த எல்லாப் பதில்களையும் நினைவில் வைத்து, புதிய கேள்வி அவற்றோடு சேர்ந்து யாரையாவது காட்டிக்கொடுக்குமா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். அதற்கான கணக்கு வேகமாகப் பெருத்துக்கொண்டே போகும். அதையும் விட, முதல் கேள்வியை ஒருவரும் இரண்டாவதை அவருடைய நண்பரும் கேட்டுவிட்டு இரவு டீக்கடையில் கழித்துப் பார்த்தால், தரவுத்தளத்துக்கு அது தெரியப்போவதில்லை.

அதனால் பதிலை மறுப்பதற்குப் பதிலாக, கொஞ்சம் கலைத்துக் கொடுக்கும் வழி வந்தது. மொத்தத்தோடு தற்செயலாகத் தேர்ந்த ஒரு எண்ணைக் கூட்டியோ கழித்தோ சொல்வது. நம் எடுத்துக்காட்டில் இரண்டு பதில்களும் சில பத்தாயிரங்கள் வரை அங்குமிங்கும் நகர்ந்தால், கழித்து வரும் 54,000 நம்ப முடியாத எண்ணாகிவிடும். ஆனால் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைக் கலந்தால், நூறு முறை கேட்டுச் சராசரி எடுப்பவர் உண்மையை நெருங்கிவிடுவார். ஆகவே கலக்கும் அளவையும் மொத்தம் எத்தனை பதில்கள் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பு 2020 கணக்கில் இந்த முறைக்கு மாறியது. மாநிலங்களின் மொத்த மக்கள்தொகையை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே தெருத்தொகுதி அளவு வரை எண்களில் இப்படித் தற்செயல் எண்களைக் கலந்தது. பெரிய நகரத்தின் எண்ணில் இது கண்ணில் படாது. பத்துப் பேர் வாழும் தெருத்தொகுதியில் இரண்டு மூன்று பேர் கூடுவதும் குறைவதும் பெரிய வித்தியாசம். சிறிய ஊர்களை ஆராய்பவர்கள் அந்த எண்களை வாங்கியதும் செய்தது, பக்கத்துத் தொகுதிகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பதுதான்.