களைத்துப்போன பிராண்டுக்கு என்ன தேவை: சின்னத் திருத்தமா, முழு மாற்றமா?

2009 ஜனவரியில் அமெரிக்கக் கடைகளின் குளிர்பெட்டிகளுக்கு டிராப்பிகானா ஆரஞ்சு சாறு புது அட்டைப் பெட்டியில் வந்தது. உள்ளே இருந்தது அதே சாறுதான். பிப்ரவரி 22 வரையிலான அந்தச் சில வாரங்களில் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது. பழச்சாறு வாங்குவதையே மக்கள் குறைத்துவிட்டார்களா என்றால் இல்லை. குளிர்பெட்டிச் சாறுகளின் மொத்த விற்பனை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் பழைய அட்டைக்கே திரும்புவதாக, பிராண்டின் அப்போதைய உரிமையாளரான பெப்சிகோ அறிவித்தது.

பழைய அட்டையில் ஒரு முழு ஆரஞ்சுப் பழமும், அதில் நேராகக் குத்தி வைத்த உறிஞ்சுகுழலும் இருந்தன. கரும்பச்சை எழுத்தில் பெயர் படுக்கைவாட்டில் ஓடியது. புது அட்டையில் பழம் போய், ஒரு கண்ணாடி டம்ளர் நிறையச் சாறு வந்தது. பெயர் மெல்லிய எழுத்துக்கு மாறி, செங்குத்தாகத் திரும்பி நின்றது. கடையே சொந்தமாகப் போட்டு விற்கும் மலிவுச் சரக்கு மாதிரி இருக்கிறது என்று வாங்குபவர்கள் குறைப்பட்டார்கள்.

இது ரசனைப் பிரச்சினை மட்டுமல்ல, கண் தேடும் விதத்தோடு சம்பந்தப்பட்டது. அலமாரிக்கு முன்னால் நிற்கும்போது நாம் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு போவதில்லை. தேடும் பொருளின் ஒரு தோராய உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு கண்ணை ஓட்டுகிறோம். நிறம், சாய்வு, உருவம் போன்ற எளிய அம்சங்களைக் கண் பார்வைப்பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பிரித்துக் காட்டிவிடும் என்று உளவியலாளர் ஆன் டிரீஸ்மன் 1980இல் விளக்கினார். அவற்றைச் சேர்த்து ஒரே பொருளாக அடையாளம் காண்பதற்குத்தான் கவனம் வேண்டும். டிராப்பிகானா அந்த முதல் கட்டத்துக்கு உதவிய அம்சங்கள் பலவற்றை ஒரே நாளில் எடுத்துவிட்டது. பழம் இல்லை, பெயரின் திசை வேறு, எழுத்தின் தடிமன் வேறு. மனதில் இருக்கும் உருவத்தோடு எதுவும் பொருந்தாவிட்டால் தேடல் நீளும். அந்த இடைவெளியில் கை பக்கத்துப் பெட்டிக்குப் போய்விடும்.

ஒரு பிராண்ட் களைத்துவிட்டது என்று சொல்பவர்கள் யார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பெரும்பாலும் நிறுவனத்துக்குள் இருப்பவர்கள்தான். அவர்கள் அந்த லோகோவை தினமும் பார்க்கிறார்கள், அதனால் அலுத்துப்போகிறது. வாங்குபவருக்கு அப்படியில்லை. பெரிய பிராண்டுகளின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் எப்போதாவது வாங்குபவர்கள். அவர்கள் நினைவில் இருப்பது ஒரு நிறமும் ஒரு படமும்தான். டிராப்பிகானா நிர்வாகம் தீவிர ரசிகர்களின் பாசத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகச் சொன்னது. என் கணிப்பு வேறு. கடிதம் எழுதித் திட்டியவர்கள் ரசிகர்கள். ஆனால் இவ்வளவு பெரிய சரிவுக்கு, பேசாமல் வேறு பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர்களே பெரிய காரணமாக இருந்திருப்பார்கள்.

ஆக, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை ரசனையை வைத்து முடிவு செய்ய முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் எரன்பர்க்-பாஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜென்னி ரோமனியுக் இதற்கு ஓர் எளிய முறையை வளர்த்தெடுத்திருக்கிறார். பிராண்டின் அடையாளங்களைத் தனித்தனியாகப் பிரித்து, பெயரை மறைத்துவிட்டு, அந்த வகைப் பொருளை வாங்குபவர்களிடம் காட்டி, எந்த பிராண்ட் நினைவுக்கு வருகிறது என்று கேட்க வேண்டும். அதிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கும். எத்தனை பேர் நம் பெயரைச் சொன்னார்கள் என்பது அறிமுகம். சொல்லப்பட்ட எல்லாப் பெயர்களிலும் நம் பெயரின் பங்கு எவ்வளவு என்பது தனித்தன்மை.

ஒரு தேயிலைத்தூள் பாக்கெட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானே வைத்துக்கொண்டவை. சிவப்புப் பாக்கெட், அதில் ஒரு யானைப் படம், வளைந்த எழுத்தில் பெயர். 200 பேரிடம் யானையை மட்டும் காட்டினால் 130 பேர் நம் பெயரைச் சொல்கிறார்கள், வேறு பெயர்கள் 10 தடவை வருகின்றன. அறிமுகம் 65 சதவீதம், தனித்தன்மை 93 சதவீதம். சிவப்பு நிறத்தைக் காட்டினால் 110 பேர் நம்மைச் சொல்கிறார்கள், ஆனால் மற்ற பெயர்களும் 150 தடவை வருகின்றன. அறிமுகம் 55, தனித்தன்மை 42. எழுத்து வடிவத்தைப் பார்த்து நம்மைச் சொன்னவர்கள் 16 பேர்தான்.

இப்போது படம் தெளிவாகிவிடுகிறது. இரண்டு எண்களும் பாதியைத் தாண்டிய யானையைத் தொடக்கூடாது. சிவப்பு எல்லாத் தேயிலைக்கும் பொதுவான நிறம், வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. எழுத்தைத் தாராளமாக மாற்றலாம். இந்தப் பாக்கெட்டுக்குத் தேவை படிப்படியான திருத்தம். யானையும் 10 சதவீதத்தில் நின்றிருந்தால் கதை வேறு. இழப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் முழு மாற்றம் பெரிய ஆபத்தில்லை.

படிப்படியாக என்றால் எப்படி என்பதற்கு மாஸ்டர்கார்டு நல்ல பாடம். 1979இல் மாஸ்டர் சார்ஜ் என்ற பெயரே மாஸ்டர்கார்டு என்று மாறியது. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு வட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன. வட்டங்களின் மீதே எழுதியிருந்த பெயரை 2016இல் கீழே இறக்கினார்கள். வட்டங்கள் தனியாக நின்றன, ஆனால் துணைக்குப் பெயர் பக்கத்திலேயே இருந்தது. பெயர் இல்லாமலேயே 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அடையாளம் சொல்கிறார்கள் என்று சோதித்து உறுதி செய்த பிறகுதான், 2019இல் பல இடங்களில் பெயரை எடுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் ஒன்று மாறியபோது, இன்னொன்று அடையாளத்தைத் தாங்கிப் பிடித்தது.

புது அட்டையை அச்சுக்கு அனுப்பும் முன் அலமாரிச் சோதனையும் செய்து பார்க்கலாம். போட்டிச் சரக்குகளோடு சேர்த்து அடுக்கிய அலமாரியின் படத்தைக் காட்டி, நம் பொருளைக் கண்டுபிடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பார்கள். பழைய அட்டையைப் பார்த்தவர்களும் புது அட்டையைப் பார்த்தவர்களும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். பிடித்திருக்கிறதா என்று கேட்டு வரும் பதில் இதற்கு ஈடாகாது. அழகாக இருக்கிறது என்று சொன்னவரே கடையில் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கலாம்.

சரி, முழு மாற்றம் எப்போது தவிர்க்க முடியாதது? சிக்கல் பெயரிலேயே இருக்கும்போது. யுடிஐ என்ற பெயரைப் பல தனித்தனி நிறுவனங்கள் பகிர்ந்துகொண்டிருந்தன. யுடிஐ வங்கி எவ்வளவு அழகான லோகோ போட்டாலும் அந்தக் குழப்பம் தீர்ந்திருக்காது. 2007இல் அது ஆக்சிஸ் வங்கி ஆனது. நிறுவனம் கைமாறும்போதும், ஒரு விபத்தோ மோசடியோ பெயரோடு ஒட்டிக்கொள்ளும்போதும் இதே நிலைதான். ஆனால் மக்கள் பொருளை உடனே கண்டுகொண்டு, பெயரிலும் குறை சொல்லாமல், அப்படியும் எடுக்காமல் போகிறார்கள் என்றால் கோளாறு விலையிலோ தரத்திலோ இருக்கிறது. அதற்கு இரண்டு வழியுமே மருந்தில்லை.

பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்றாலும் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. செல்பேசிச் சேவை நிறுவனமான ஹட்ச் 2007 செப்டம்பரில் வோடஃபோன் ஆனது. பெயர், லோகோ, நிறம் எல்லாம் மாறின. விளம்பரத்தில் வந்த அந்தப் பக் நாய்க்குட்டியை மட்டும் விடவில்லை. அது வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து, இளஞ்சிவப்புக் கூண்டு இருந்த இடத்தில் புதிதாக நிற்கும் சிவப்புக் கூண்டுக்குள் நுழையும். இந்தியாவில் வோடஃபோன் என்றால் என்ன என்றே தெரியாதவர்களுக்கும், இது நம் பழைய ஹட்ச்தான் என்று புரிந்துவிட்டது.