50,000 ரூபாய் முத்ரா கடனில் வீட்டுக் காளான் குடில்: கடன் விதிகளும் உண்மையான லாபக் கணக்கும்

காளான் வளர்க்க முத்ரா கடன் கேட்டு வங்கிக்குப் போகும் பெண்கள் பலர், அதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ மானியமாகக் கழிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். முத்ராவில் மானியம் கிடையாது. வாங்கிய பணத்தை வட்டியோடு முழுசாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அடமானமோ ஜாமீன்தாரரோ கேட்கக் கூடாது என்பதுதான் இதில் கிடைக்கும் சலுகை. கடன் வாராமல் போனால் வங்கிக்குப் பாதுகாப்பாக அரசின் உத்தரவாத நிதி ஒன்று பின்னால் இருக்கிறது. அதற்காகக் கடன் வாங்கியவர் கட்ட வேண்டாம் என்று ஆகிவிடாது.

2015 ஏப்ரலில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிஷு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று பிரித்திருக்கிறார்கள். தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ் உண்டு. வீட்டுக் கொல்லையில் ஒரு குடில் போட சிஷு போதும். அரசு வங்கி, தனியார் வங்கி, கிராம வங்கி, நுண்கடன் நிறுவனம் என்று எங்கும் கேட்கலாம். வட்டியை அந்தந்த வங்கியே முடிவு செய்யும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரிப்பது நல்லது. `udyamimitra.in` தளத்திலும் விண்ணப்பிக்கலாம். முத்ராவுக்கு முகவர்கள் யாரும் இல்லை. கமிஷன் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் ஆதாரைக்கூடக் காட்டாதீர்கள்.

விண்ணப்பத்தோடு அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், வாங்கப்போகும் பொருட்களுக்கான விலைப்புள்ளி இவ்வளவும் வேண்டும். வேளாண் பல்கலைக்கழகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காளான் பயிற்சி எடுத்த சான்றிதழ் இருந்தால் பேச்சு சுலபமாகும். "காளான் விவசாயமாச்சே, முத்ராவில் வராதே" என்று சில மேலாளர்கள் சொல்வார்கள். பயிர்க்கடனும் கிணறு, வாய்க்கால் போன்ற நில மேம்பாட்டுக் கடனும்தான் முத்ராவில் வராது. விவசாயம் சார்ந்த தொழில்களுக்கு இடம் உண்டு. அப்படியும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விவசாயக் கடனாகவே கேட்டுவிடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கும் அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

மானியம் வேண்டும் என்பவர்கள் போக வேண்டிய இடம் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம். அந்த வழி வேறு, அதற்கு முன் அனுமதி வேண்டும். குடிலைப் போட்டுவிட்டு அப்புறம் போய் மானியம் கேட்டால் கிடைப்பது கஷ்டம். எனவே அதை முதலில் கேட்டுவிட்டுத்தான் மூங்கில் வாங்க வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரு பெண் 200 சதுர அடிக் குடிலில் சிப்பிக்காளான் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கூரை, மூங்கில், மணல் தரை, கோணிச்சாக்குத் தடுப்பு எல்லாம் சேர்த்துக் குடிலுக்கு 32,000. வேகவைக்கும் டிரம், அடுப்பு, வைக்கோல் வெட்டும் கத்தி, தெளிப்பான், தராசு 14,000. வருமானம் வரும்வரை ஓட்ட 14,000. ஆக 60,000. இதில் 50,000 கடன், 10,000 கைப்பணம்.

அந்தக் கடைசி 14,000 ஏன் என்பதைப் பயிர்ச் சுற்றைப் பார்த்தால் புரியும். வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, ஆறவிட்டு, பாலித்தீன் பையில் வைக்கோலும் வித்துமாக அடுக்கடுக்காக நிரப்புவது ஒரு படுக்கை. அரை கிலோ காய்ந்த வைக்கோலும் அரை பாக்கெட் வித்தும் அதற்கு ஆகும். 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெள்ளையாகப் பூசணம் படரும். பையைக் கிழித்து ஈரம் காட்டினால் மூன்று நான்கு நாளில் மொட்டு, அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து முதல் அறுவடை. அப்புறம் வாரம் பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு அறுப்பு. 45 நாளில் படுக்கை ஓய்ந்துவிடும். அதாவது முதல் 25 நாள் வித்துக்கும் விறகுக்கும் பணம் போகுமே தவிர ஒரு ரூபாய் உள்ளே வராது. இந்தப் பணத்தைத் திட்டத்தில் எழுதாமல் விட்டு, குடிலுக்கே எல்லாவற்றையும் செலவு செய்துவிட்டு, இரண்டாம் மாதம் வித்து வாங்கக் காசில்லாமல் நின்றுபோகிற குடில்கள் உண்டு. கடன் கேட்கும்போதே முதல் தவணையை இரண்டு மூன்று மாதம் தள்ளிவைக்க முடியுமா என்றும் கேளுங்கள். கொடுப்பது வங்கியின் விருப்பம், கேட்பதில் தவறில்லை.

ஒரே நாளில் 200 படுக்கை போடாமல் தினம் 8 போடுவது இந்தப் பயிருக்குச் சரியான முறை. மாதம் 25 நாள் போட்டால் 200 ஆகிவிடும். காளான் ஒரு நாளுக்கு மேல் வெளியே தாங்காது என்பதால் தினமும் கொஞ்சம் பறித்துத் தினமும் விற்பதுதான் வசதி. தப்பு நடந்தாலும் 8 படுக்கையோடு போய்விடும்.

200 படுக்கைக்கு மாதச் செலவு: வித்து 4,500, வைக்கோல் 800, பைகள் 600, எரிபொருள் 1,000, பேக்கிங், மின்சாரம், போக்குவரத்து 1,100. மொத்தம் 8,000. பத்தில் ஒன்று கெட்டுப்போனால் மிச்சம் 180 படுக்கை, ஒன்றுக்கு அரை கிலோ என்றால் 90 கிலோ. கடைக்கும் வீடுகளுக்குமாகச் சராசரி 160 ரூபாய் கிடைத்தால் வரவு 14,400. மிச்சம் 6,400. கோடை வெயிலில் சிப்பிக்காளான் சரியாக வராது என்பதால் வருஷத்துக்குப் பத்து மாதம்தான் கணக்கு. வெயிலைத் தாங்கும் பால் காளானை அப்போது போடலாம், ஆனால் அதற்கு மேல்மண் இட வேண்டும், நாளும் கூடும். அதை இதில் சேர்க்கவில்லை.

வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் இந்த 6,400-ஐ அப்படியே லாபம் என்று எழுதிவிடுகிறார்கள். தினம் மூன்று மணி நேரம் வைக்கோல் வெட்டி, வேகவைத்து, இரண்டு வேளை தண்ணீர் தெளித்து, பறித்து, எடைபோடும் அந்தப் பெண்ணின் உழைப்புக்கு அதில் ஒரு ரூபாய் கூலி இல்லை. இது நியாயமில்லை, கணக்காகவும் தப்பு. நாளைக்கு அவருக்கு உடம்பு முடியாமல் ஆள் வைத்தால் கூலி கொடுத்துத்தானே ஆக வேண்டும்? நாளுக்கு 100 ரூபாய் என்று குறைவாக வைத்தாலும் மாதம் 3,000. அதைக் கழித்தால் மிச்சம் 3,400, பத்து மாதத்துக்கு 34,000.

இந்த இடத்தில்தான் நிகர தற்போதைய மதிப்பு, அதாவது என்பிவி, உதவுகிறது. 12 சதவீத வட்டியில் இன்றைய 100 ரூபாய் அடுத்த வருஷம் 112. அதைத் திருப்பிப் போட்டால், அடுத்த வருஷம் வரும் 112-க்கு இன்றைய மதிப்பு 100 தான். இனி வரப்போகும் ஒவ்வொரு வருஷ மிச்சத்தையும் இப்படி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டி, இன்று போடும் 60,000-ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் தொழில் வட்டியையும் தாண்டிச் சம்பாதிக்கிறது என்று பொருள்.

முதல் வருஷம் கை பழகும்வரை நாலில் ஒரு படுக்கை கெடும் என்று எடுத்துக்கொள்வோம். மாதம் 75 கிலோ, வரவு 12,000, செலவும் கூலியும் போக 1,000, வருஷத்துக்கு 10,000. இரண்டாம் வருஷம் 34,000, அதில் கூரை மாற்ற 8,000 போக 26,000. மூன்றாம் வருஷம் 34,000-த்தோடு, சுழற்சியில் இருந்த 14,000 கைக்குத் திரும்புவதால் 48,000.

```
10,000 / 1.12   =  8,929
26,000 / 1.12^2 = 20,727
48,000 / 1.12^3 = 34,165
63,821 - 60,000 = +3,821
```

வங்கித் தவணையையோ வட்டியையோ இதில் தனியாகக் கழிக்கவில்லை. 12 சதவீதத்தால் வகுத்ததிலேயே அது அடங்கிவிட்டது. இரண்டு தடவை கழித்து நல்ல தொழிலையும் நஷ்டம் என்று காட்டும் அறிக்கைகளும் உண்டு.

3,821 என்பது சின்னத் தொகைதான், ஆனால் கூலியும் வட்டியும் போக மிஞ்சியது. கூலியைக் கழிக்காமல் விட்டால் இதே கணக்கு 75,000-க்கு மேல் காட்டும். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து இறங்கினால் ஏமாற்றம்தான். விலை கிலோவுக்கு 10 ரூபாய் குறைந்தால் +3,821 என்பது சுமார் −16,500 ஆகிவிடும். விலை குறையாமல், படுக்கை கெடுவது மட்டும் மூன்று வருஷமும் நாலில் ஒன்றாகவே இருந்தால் −32,000-த்தைத் தாண்டும். எனவே இந்தத் தொழிலில் முதலில் கவனிக்க வேண்டியது படுக்கை கெடாமல் பார்ப்பதுதான்.

பெரும்பாலும் படுக்கை கெடுவது ஈரத்தால். வேகவைத்த வைக்கோலைக் கையில் பிடித்து இறுக்கினால் உள்ளங்கை நனைய வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள் புளித்த வாடை வந்துவிடும். பச்சைத் திட்டு தெரிந்தால் அது பச்சைப் பூசணம். தூள் பறக்கும் முன்பே அந்தப் பையைக் குடிலைவிட்டு வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். தினம் 8 படுக்கைக்கும் தேதி எழுதித் தொங்கவிட்டால், எந்த நாள் வைக்கோலில், எந்த வித்தில் கெட்டது என்று மூன்று வாரத்துக்குள் தெரிந்துவிடும். காம்பு நீண்டு குடை சிறுத்துப்போனால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். குடையின் ஓரம் மேலே சுருளும் முன் பறிக்க வேண்டும். தாமதித்தால் வித்துத்தூள் பறந்து தொடர் இருமல் வரும், வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

50,000-த்தை 12 சதவீதத்தில் மூன்று வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 1,660. காளான் இல்லாத கோடை மாதங்களிலும் இது வரும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல விளைச்சல் இருக்கும்போதே இரண்டு தவணைக்கான பணத்தை ஒதுக்கிவிடுங்கள். விற்பனைப் பணத்தையும் கூடியவரை கடன் கணக்குள்ள வங்கி வழியாகவே வரவையுங்கள். அடுத்து கிஷோர் கேட்கும்போது மேலாளர் பார்ப்பது அந்த வரவு செலவைத்தான். படுக்கை கெடுவது தொடர்ந்து பத்தில் ஒன்றுக்குக் கீழே இருக்கிறது என்று உங்கள் தேதி நோட்டில் தெரியாதவரை இரண்டாவது குடிலுக்குக் கடன் கேட்காதீர்கள்.