வட்டமா, வளையமா, அடுக்குப் பட்டையா: மீன் கணக்கில் பங்குகளைக் காட்டும்போது கவனிக்க வேண்டியவை

தொண்டியிலிருந்து மண்டபம், பாம்பன் வரையிலான கரையோர ஊர்களில் மீனவர் சங்கங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கணக்கு அறிக்கைகளும் சுவரொட்டிகளும் தயாரித்துக் கொடுப்பது என் பணி. என்னிடம் திருத்தத்திற்கு வரும் அறிக்கைகளில் மிக அதிகமாகக் காணப்படுவது, அருகருகே வரையப்பட்ட இரண்டு வட்டப்படங்கள். ஒன்று, பிடிபட்ட மீன் எடையில் எந்த வகை எத்தனை விழுக்காடு என்று சொல்கிறது. மற்றொன்று, விற்றுக் கிடைத்த பணத்தில் எந்த வகை எத்தனை விழுக்காடு என்று சொல்கிறது. இரண்டு படங்களிலும் தவறான எண் எதுவும் இருப்பதில்லை. ஆனால் படிப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது முதல் வட்டத்திற்கும் இரண்டாம் வட்டத்திற்கும் இடையே உள்ள மாற்றத்தை. அதை இரண்டு வட்டங்களில் எந்த ஒன்றும் காட்டுவதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இந்த எண்கள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த ஊரின் கணக்கும் அல்ல. ஒரு விசைப்படகு 1,000 கிலோ மீனுடன் கரை திரும்புகிறது. அதில் காரப்பொடி 340 கிலோ, சூடை 240, கணவாய் 160, நண்டு 140, இறால் 120. காரப்பொடியும் சூடையும் கிலோ 25 ரூபாய், கணவாயும் நண்டும் 250, இறால் 400 என்று விலை போனால், மொத்த வரவு 1,37,500 ரூபாய். எடையில் 12 விழுக்காடாக இருந்த இறால் பணத்தில் 35 விழுக்காடாகிறது. எடையில் 34 விழுக்காடாக இருந்த காரப்பொடி பணத்தில் 6 விழுக்காடாகச் சுருங்குகிறது.

எடைக் கணக்கை மட்டும் காட்டுவதாக இருந்தால் வட்டப்படம் போதும் என்பது என் கருத்து. வட்டப்படத்தை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. ஒரு விழுக்காட்டுக்கு 3.6 பாகை என்ற கணக்கில் வட்டம் பிரிக்கப்படுவதால், கால், அரை, முக்கால் ஆகிய மூன்று அளவுகளும் கண்ணுக்குத் தாமாகவே தெரிகின்றன. காரப்பொடி மூன்றில் ஒரு பங்கை எட்டுகிறது, காரப்பொடியும் சூடையும் சேர்ந்தால் பாதியைத் தாண்டிவிடுகிறது என்பதை, 12 மணி முனையிலிருந்து வலப்புறமாகப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய ஒரு வட்டம் எந்தப் பட்டையையும்விட விரைவாகச் சொல்லிவிடும். முழுமையில் எத்தனை பங்கு என்ற கேள்விக்கு வட்டம் நன்றாகவே விடை தருகிறது என்பதை 1987-இல் சிம்கின், ஹேஸ்டி ஆகிய இருவர் நடத்திய சோதனைகளும் காட்டின.

அதே வட்டத்தில் நண்டையும் கணவாயையும் ஒப்பிடச் சொன்னால் நிலைமை மாறுகிறது. ஒன்று 50 பாகை, மற்றொன்று 58 பாகை. இரண்டும் வெவ்வேறு திசை நோக்கி இருப்பதால், எண்ணைப் படிக்காமல் எது பெரியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே கோட்டிலிருந்து தொடங்கும் நீளங்களை ஒப்பிடும்போது கண் செய்யும் பிழை, கோணங்களை ஒப்பிடும்போது செய்யும் பிழையைவிடக் குறைவு என்பது 1984-இல் கிளீவ்லாந்தும் மெக்கில்லும் வெளியிட்ட ஆய்வில் நிறுவப்பட்டது. ஆகவே துண்டுகளைத் தமக்குள் ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால், ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனிப் பட்டை வரைவதே நேர்மையான வழி.

வளையப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நடுவில் துளையிட்ட வட்டப்படம்; அதன் பலமும் பலவீனமும் வட்டப்படத்தினுடையவையே. துளையிடுவதால் வாசிப்பு கெட்டுவிடும் என்ற அச்சத்திற்கு வலுவான ஆதாரம் இல்லை. 2016-இல் ஸ்காவும் கொசாராவும் செய்த ஆய்வில், வளையத்தைப் படித்தவர்கள் வட்டத்தைப் படித்தவர்களைப் போலவே ஏறக்குறைய துல்லியமாகப் படித்தார்கள். துளையின் உண்மையான பயன், மொத்தத்தை எழுத இடம் கிடைப்பது. நடுவில் "மொத்தம் 1,000 கிலோ" என்று எழுதிவிட்டால், விழுக்காடு எதன் விழுக்காடு என்ற ஐயம் எழுவதில்லை. ஆனால் ஒரு வளையத்திற்குள் இன்னொரு வளையத்தை வரைந்து, உள்ளே எடையையும் வெளியே பணத்தையும் காட்டுவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. உள் வளையத்தின் ஆரம் 3 செ.மீ., வெளி வளையத்தின் ஆரம் 6 செ.மீ. என்று கொண்டால், 25 விழுக்காட்டுக்கான வில் உள்ளே 4.7 செ.மீ., வெளியே 9.4 செ.மீ. நீளம் இருக்கும். பங்கு மாறாதபோதும் வெளியே இருப்பது இரு மடங்காகத் தெரியும் அமைப்பை, மாற்றத்தைக் காட்டுவதற்குப் பயன்படுத்தலாகாது.

எடை, பணம் என்ற இரண்டு முழுமைகளை ஒப்பிட வேண்டிய இடத்தில்தான், பங்குகளை ஒரே பட்டைக்குள் ஒன்றையடுத்து ஒன்றாக வைக்கும் அடுக்குப் பட்டை தேவைப்படுகிறது. எக்செல் போன்ற மென்பொருளில் `100% Stacked Bar` என்பதைத் தேர்ந்தெடுத்தால் எடைக்கு ஒன்றும் பணத்துக்கு ஒன்றுமாகச் சம நீளமுள்ள இரண்டு கிடைமட்டப் பட்டைகள் கிடைக்கும். நிற்கும் பட்டைகளைவிடக் கிடைமட்டப் பட்டைகளை நான் விரும்புவதற்குக் காரணம், காரப்பொடி, கணவாய் போன்ற பெயர்களைச் சாய்க்காமலும் சுருக்காமலும் துண்டின் மீதே எழுத முடிகிறது என்பதுதான். சங்கத்தின் அறிவிப்புப் பலகைக்குப் போகும் படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை நகலாகவே போகிறது. நிறத்தை நம்பி ஓரத்தில் தனியாக எழுதிய விளக்கக் குறிப்பு அங்கே பயன்படாது.

ஆனால் அடுக்குப் பட்டையைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிவதில்லை. எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பதுதான் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. 100 விழுக்காட்டுப் பட்டையில் இரண்டு விளிம்புகள் மட்டுமே பொதுவானவை: தொடங்கும் இடப்புற விளிம்பும், முடியும் வலப்புற விளிம்பும். அந்த இரண்டையும் ஒட்டிய துண்டுகளைத்தான் கண்ணால் சரியாக ஒப்பிட முடியும். இடையில் உள்ளவை ஒவ்வொரு பட்டையிலும் வெவ்வேறு இடத்தில் தொடங்குகின்றன. நம் கணக்கை மேலே எழுதிய வரிசையிலேயே விட்டுவிட்டால், கணவாய் எடைப் பட்டையில் 58-இல் தொடங்கி 74-இல் முடியும்; பணப் பட்டையில் ஏறக்குறைய 11-இல் தொடங்கி 40-இல் முடியும். அது ஏறக்குறைய இரு மடங்கானதை அந்தப் படத்திலிருந்து உணர்வது எளிதன்று.

சங்கத்தின் கூட்டத்தில் சொல்ல வேண்டிய செய்தி, விலையுள்ள மூன்று வகைகளே வருமானத்தைத் தாங்குகின்றன என்பதானால், இறாலை இடப்புற விளிம்பில் வைத்து, அடுத்துக் கணவாயையும் நண்டையும் வைத்து, கடைசியில் காரப்பொடியையும் சூடையையும் வைக்க வேண்டும். அப்போது இறால் 12-லிருந்து 35-ஆக நீள்வது விளிம்பிலிருந்தே தெரியும். அதைவிட முக்கியமாக, நண்டு முடியும் எல்லைக்கோடு எடைப் பட்டையில் 42-லும் பணப் பட்டையில் 89-லும் வந்து நிற்கும். மூன்று வகைகளும் சேர்ந்து எவ்வளவு என்ற கூட்டலைப் படமே செய்து காட்டிவிடுகிறது. வட்டப்படங்கள் இரண்டை அருகருகே வைத்தால், எதிலிருந்து எதற்கு என்ற இந்த மாற்றத்தை எண்களைப் படித்துத்தான் அறிய முடியும்.

இங்கே ஒரு சிறிய சிக்கல் எழும். பணப் பட்டையின் பங்குகளை முழு எண்ணாக்கினால் 35, 29, 25, 6, 4 என்று வந்து, கூட்டுத்தொகை 99 ஆகிறது. 100 வர வேண்டும் என்பதற்காக ஏதோ ஒரு மீனுக்கு ஒன்றைக் கூட்டி எழுதுவது கணக்கைத் திருத்துவதாகும். முழு எண்ணாக்கியதால் கூட்டுத்தொகை 100-லிருந்து சற்று மாறும் என்று கீழே ஒரு வரி எழுதினால் போதும். காரப்பொடியையும் சூடையையும் ஒரே துண்டாக்கினால் அது 11 விழுக்காடாகி, கூட்டுத்தொகையும் சரியாகிவிடும், படமும் தெளிவாகும். ஆயினும் கருவாடு போடும் பெண்கள் குழுவுக்கான படத்தில் நான் அவ்வாறு சேர்ப்பதில்லை. காரப்பொடி அவர்களின் மூலப்பொருள்; படகுக்காரருக்குச் சில்லறையாகத் தெரியும் அந்த 6 விழுக்காடுதான் அவர்களுடைய கேள்வி.

சம நீளப் பட்டைகளுக்கு ஒரு பெரிய குறை உண்டு: அவை மொத்தத்தை மறைத்துவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, நாட்டுப்படகுகள் போகின்றன. ஒரு மீன் இறங்குதுறையில் மார்ச்சில் 100 டன் மீனும் அதில் 14 டன் நண்டும் வந்ததாகவும், மே மாதத்தில் 20 டன் மீனும் அதில் 6 டன் நண்டும் வந்ததாகவும் வைத்துக்கொள்வோம். சம நீளப் பட்டைகளில் நண்டு 14 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக வளர்ந்து தெரியும். தடைக்காலத்தில் நண்டு பெருகியது என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார். உண்மையில் நண்டின் வரத்து பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. மற்றவை அதைவிட வேகமாகக் குறைந்ததால்தான் அதன் பங்கு கூடியது. மாதங்களை ஒப்பிடும் படங்களில் ஆகவே `Stacked Bar` என்ற சாதாரண வகையைத் தேர்ந்தெடுத்து, டன் கணக்கிலேயே வரைய வேண்டும். அப்போது மே மாதப் பட்டை ஐந்தில் ஒரு பங்கு நீளமாகக் குறுகி, வரத்து வீழ்ந்ததை முதலில் சொல்லும். ஆனால் அதில் வலப்புற விளிம்பு பொதுவாக இராது. இடப்புறத் துண்டு ஒன்றை மட்டுமே ஒப்பிட முடியும் என்பதால், அந்த இடத்தை நண்டுக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்று படங்களில் எதையுமே பயன்படுத்தக் கூடாத ஒரு நிலையும் இருக்கிறது. களப்பணி அறிக்கைகளில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது அதுவே. 50 குடும்பங்களிடம் என்னென்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டால், நம் கரையில் ஒரே குடும்பம் மீன்பிடி, கடல்பாசி, கருவாடு என்று மூன்றையும் சொல்லக்கூடும். மீன்பிடி 40, கடல்பாசி 22, கருவாடு 18 என்று விடை வந்தால் கூட்டுத்தொகை 80. இந்த எண்களைக் கொடுத்து வட்டப்படம் கேட்டால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் செய்யாது. 80-ஐயே முழுமையாகக் கொண்டு, மீன்பிடிக்குச் சரியாகப் பாதி வட்டத்தைக் கொடுத்துவிடும். மீன்பிடியில் இருப்பவை 80 விழுக்காட்டுக் குடும்பங்கள். படம் சொல்வது 50. கடல்பாசி எடுக்கும் குடும்பங்கள் 44 விழுக்காடு. படம் சொல்வது 28. நிவாரணமோ பயிற்சியோ எத்தனை குடும்பங்களுக்குத் தேவை என்று இந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் திட்டமிட்டால், கடல்பாசி எடுக்கும் 22 குடும்பங்களுக்குப் பதிலாக 14 குடும்பங்களுக்கே இடம் ஒதுக்கப்படும். வரைவதற்கு முன் எண்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை கேட்கப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்த்தாலே இது வெளிப்பட்டுவிடும். சமமாக இல்லையென்றால், தொழிலுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பட்டைகள் வரைந்து, ஒவ்வொன்றின் முனையிலும் "50-இல் 40", "50-இல் 22", "50-இல் 18" என்று எழுத வேண்டும்.