வாடகைக் கொள்முதல்: பெயரில் இருக்கும் வாடகை, கணக்கில் எங்கே போகிறது?

டியூ கட்டி வண்டி வாங்கியவர்களுக்கு 'எச்.பி.' என்ற இரண்டெழுத்து தெரிந்திருக்கும். அதன் விரிவு 'ஹயர் பர்ச்சேஸ்'. தமிழ்நாட்டு வணிகவியல் பாடங்களில் இதற்கு 'வாடகைக் கொள்முதல்' என்றும், இலங்கையில் 'வாடகைக் கொள்வனவு' என்றும் சொல்கிறார்கள். மலேசியாவில் இதன் மலாய்ப் பெயர் 'சேவா பெலி', அதாவது வாடகை, வாங்கல். எங்கே போனாலும் பெயருக்குள் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு பொருளை வாடகைக்கு எடுப்பதும் விலைக்கு வாங்குவதும் எப்படி ஒன்றாக முடியும்? இந்த முறையின் கணக்கில் மாணவர்கள் தடுமாறும் இடங்களில் பலவும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கின்றன.

முதலில் பொருள். பொருளை இன்றே எடுத்துச் சென்று பயன்படுத்தலாம். பணத்தைத் தவணைகளாகக் கட்டலாம். ஆனால் கடைசித் தவணை கட்டி முடியும்வரை பொருள் விற்றவருக்கே சொந்தம். அதுவரை கட்டுகிற ஒவ்வொரு தவணையும் சட்டத்தின் கண்ணில் வாடகை. கடைசித் தவணையோடு வாடகைதாரர் உரிமையாளர் ஆகிவிடுவார். நடுவில் வேண்டாம் என்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். வாங்குவது அவருடைய விருப்பம், கடமை அல்ல.

இந்த வடிவத்தை உறுதி செய்தது இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1895இல் தீர்த்து வைத்த ஹெல்பி எதிர் மாத்யூஸ் வழக்கு. ஹெல்பி பியானோ வியாபாரி. புரூஸ்டர் என்பவர் மாதம் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் வீதம் 36 மாதம் கட்டுவதாகச் சொல்லி ஒரு பியானோவை எடுத்துப் போனார். சில மாதங்களிலேயே அதை மாத்யூஸ் என்ற அடகுக்கடையில் வைத்துவிட்டார். புரூஸ்டரை 'வாங்க ஒப்புக்கொண்டவர்' என்று கொண்டால், நல்லெண்ணத்தோடு அடகு பிடித்த கடைக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு. 'வாடகைக்கு எடுத்தவர்' என்று கொண்டால், பியானோ ஹெல்பிக்கே போக வேண்டும். புரூஸ்டர் எப்போது வேண்டுமானாலும் பியானோவைத் திருப்பித் தரலாம், வாங்கியே தீர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை என்பதால் ஹெல்பி பக்கம் தீர்ப்பானது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1893இல், லீ எதிர் பட்லர் வழக்கில் ஒப்பந்தத்தில் வாங்கும் கடமை இருந்தது. அங்கே பொருளைத் தவணைக்குக் கொடுத்த தரப்பு தோற்றது. அந்த வித்தியாசத்தைப் பார்த்த வியாபாரிகள் ஒப்பந்தத்தில் 'வாடகை' என்ற சொல்லைக் கவனமாக வைத்துக்கொண்டார்கள்.

தமிழில் 'தவணைக் கொள்முதல்' என்றும் எழுதுவதுண்டு. இதைத் தவிர்ப்பது நல்லது என்பேன். தவணைமுறைக் கொள்முதல் என்பது வேறொரு முறை. அதில் ஒப்பந்தம் கையெழுத்தானதும் பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடும். தவணை தவறினால் விற்றவர் பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போடலாமே தவிர, பொருளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இரண்டிலும் தவணை உண்டு, பொருளைத் திரும்ப எடுக்கும் உரிமை ஒன்றில்தான் உண்டு. அந்த உரிமையைச் சொல்வது 'வாடகை' என்ற சொல்தான். ஆகவே 'வாடகைக் கொள்முதல்' என்பதே சரியான பெயர்.

சரி, கணக்குக்கு வருவோம். சட்டம் வாடகை என்று சொன்னாலும், கணக்கு ஏடு அப்படிப் பார்ப்பதில்லை. பொருள் ரொக்க விலைக்கே வாங்கப்பட்டது, கட்டாத பாக்கி கடன், கடனுக்கு மேல் கட்டுவது வட்டி என்றே அது பார்க்கிறது. தவணையை முதல், வட்டி என்று பிரித்துவிட்டால் வாடகை என்ற ஒன்று ஏட்டில் எங்குமே வராது.

திருப்பூரில் ஒரு தையல் பட்டறை ஏப்ரல் 1 அன்று மூன்று இயந்திரங்களை இந்த முறையில் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் ரொக்க விலை ₹1,00,000. ஆக மொத்தம் ₹3,00,000. முன்பணம் ₹60,000. மீதியை ஒவ்வொரு மார்ச் 31லும் ₹96,500 வீதம் மூன்று தவணைகளில் கட்ட வேண்டும். வட்டி, நிலுவையில் உள்ள ரொக்க விலை மீது ஆண்டுக்கு 10%.

முன்பணத்தில் வட்டி கிடையாது. அது வாங்கிய அன்றே கொடுத்த பணம், வட்டி ஓட ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆகவே அது முழுக்க முதலில் கழிந்து, கடன் ₹2,40,000 என்று தொடங்குகிறது.

| ஆண்டு | தொடக்க நிலுவை | வட்டி | தவணை | முதலில் கழிவது | இறுதி நிலுவை |
|---|---|---|---|---|---|
| 1 | 2,40,000 | 24,000 | 96,500 | 72,500 | 1,67,500 |
| 2 | 1,67,500 | 16,750 | 96,500 | 79,750 | 87,750 |
| 3 | 87,750 | 8,750 | 96,500 | 87,750 | 0 |

மூன்றாம் ஆண்டைக் கவனியுங்கள். 87,750க்கு 10% என்றால் 8,775 வர வேண்டும், ஆனால் அட்டவணையில் 8,750 இருக்கிறது. தவணையை முழு எண்ணாக வைத்ததால் வந்த 25 ரூபாய் வித்தியாசம் அது. கடைசி ஆண்டில் விகிதத்தைப் பெருக்கக் கூடாது. கட்டும் தவணையிலிருந்து நிலுவையைக் கழித்து, மிஞ்சுவதை வட்டி என்று எடுக்க வேண்டும். வித்தியாசம் சில ரூபாய்களுக்குள் இருந்தால் கணக்கு சரி. நூறு, ஆயிரம் என்று போனால் முந்தைய ஆண்டுகளில் எங்கோ தப்பு, பெரும்பாலும் முன்பணத்தைக் கழிக்காமல் வட்டி போட்டிருப்பார்கள். இன்னொரு சோதனையும் உண்டு. முன்பணமும் தவணைகளும் சேர்ந்து ₹3,49,500. இதில் ரொக்க விலையைக் கழித்தால் ₹49,500. மூன்று ஆண்டு வட்டியின் கூட்டுத்தொகையும் அதுவே ஆக வேண்டும்.

வினாவில் விகிதம் தராமல் மொத்த வட்டி மட்டும் தெரிந்தால், நிலுவையில் உள்ள தவணைகளின் விகிதத்தில் பிரிப்பார்கள். இங்கே தவணைகள் சமம், ஆகவே 3:2:1. அப்படிப் பிரித்தால் 24,750, 16,500, 8,250 என்று வரும். மேலே உள்ளதற்கு நெருக்கம்தான், ஆனால் ஒன்றல்ல. விகிதம் கொடுத்திருக்கும்போது இந்தக் குறுக்கு வழியில் போகக் கூடாது.

கடையில் சொல்லும் 'பிளாட் வட்டி' வேறு. இதே ₹49,500ஐ தொடக்கக் கடனான ₹2,40,000 மீது மூன்று ஆண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 6.875% என்று வரும். அதே பணம், அதே தவணை, ஆனால் கேட்பவருக்கு 10% ஏறக்குறைய 7% ஆகத் தெரிகிறது. கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை முழுக் கடன் மீதே சொல்வதால் வரும் தோற்றம் அது.

தேய்மானம் எப்போதும் ரொக்க விலை மீதே. ₹3,49,500 மீது போட்டால் வட்டியையும் இயந்திரத்தின் விலையில் சேர்த்ததாகிவிடும். பட்டறை குறைந்து செல் மதிப்பு முறையில் 20% போடுகிறது என்றால், முதல் ஆண்டு ₹60,000, இரண்டாம் ஆண்டு ₹48,000. இரண்டாண்டு முடிவில் ஏட்டு மதிப்பு ₹1,92,000, அதாவது ஓர் இயந்திரத்துக்கு ₹64,000. பொருளுக்கு இன்னும் உரிமையாளர் ஆகாதவர் ஏன் தேய்மானம் போட வேண்டும் என்று கேட்கலாம். பயன்படுத்துவதும் தேய்வின் சுமையைத் தாங்குவதும் அவர்தான் என்பதால்தான்.

இப்போது பட்டறை இரண்டாம் தவணையைக் கட்டவில்லை. அன்றைக்கு விற்றவருக்குத் தர வேண்டியது எவ்வளவு? பலரும் 1,67,500 என்று நிறுத்திவிடுவார்கள். தவணைதான் தவறியது, வட்டி ஓடியே இருக்கிறது. இரண்டாம் ஆண்டின் ₹16,750 சேர்ந்து பாக்கி ₹1,84,250.

விற்றவர் மூன்று இயந்திரங்களையும் எடுத்துக்கொண்டால், பட்டறையின் ஏட்டில் இரண்டு கணக்குகளும் முடிந்துவிடும். விற்றவர் கணக்கில் ₹1,84,250 பற்று, இயந்திரக் கணக்கில் அதே தொகை வரவு. இயந்திரத்தின் ஏட்டு மதிப்பில் மிஞ்சும் ₹7,750 நட்டமாக இலாப நட்டக் கணக்குக்குப் போகும். விற்றவர் ஏட்டில், வந்த பொருளை அதன் அன்றைய மதிப்பில் எடுக்க வேண்டும். ₹1,50,000 என்று மதிப்பிட்டால், வாடிக்கையாளர் கணக்கில் மீதி ₹34,250 நட்டம். அப்புறம் ₹6,000 செலவில் சரி செய்து ₹1,70,000க்கு விற்றால், திரும்பப் பெற்ற பொருள் கணக்கில் ₹14,000 இலாபம். இந்த இலாபத்தை முந்தைய நட்டத்தோடு கழித்துக் காட்டுவதில்லை. இரண்டும் தனித்தனி நிகழ்வுகள்.

விற்றவர் இரண்டை மட்டும் எடுத்து ஒன்றை விட்டுவைத்தால் கணக்கு முடிவதில்லை, இங்கேதான் நிதானம் வேண்டும். எடுத்தவற்றுக்கு இருவரும் ஒப்புக்கொண்ட மதிப்பு எவ்வளவு என்று வினாவில் இருக்கும், பெரும்பாலும் கூடுதலான தேய்மான விகிதத்தில். 30% என்று வைத்தால் ₹1,00,000 முதலாண்டில் ₹70,000, இரண்டாம் ஆண்டில் ₹49,000. இரண்டு இயந்திரங்களுக்கு ₹98,000. விற்றவர் கணக்கில் இந்தத் தொகை மட்டும் கழிந்து, ₹86,250 பாக்கியாகவே தொடரும். பட்டறையின் ஏட்டில் அவற்றின் மதிப்பு ₹1,28,000, ஆகவே ₹30,000 நட்டம். கையில் இருக்கும் மூன்றாவது இயந்திரம் ₹64,000இலேயே நிற்க வேண்டும். 30% என்பது எடுத்தவற்றுக்கு மட்டும் பேசிய விகிதம். அதை மிச்சமுள்ளதற்கும் போட்டு ₹49,000 என்று எழுதினால் இயந்திரக் கணக்கில் ₹15,000 காரணமில்லாமல் காணாமல் போகும்.

நடைமுறையில் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் 1972இல் வாடகைக் கொள்முதல் சட்டம் ஒன்று இயற்றப்பட்டும் நடைமுறைக்கு வராமலேயே பின்னர் நீக்கப்பட்டது. இன்று வண்டிக் கடனில் பெரும்பாலானவை 'ஹைப்பாதிகேஷன்' வகை, பழக்கத்தில்தான் 'எச்.பி.' என்கிறார்கள். இவ்வகைக் கடனில் வண்டி வாங்கியவருக்கே சொந்தம், கடன் கொடுத்தவருக்கு அதன் மேல் ஈடு மட்டுமே. 'சீஸ்' பண்ணி விற்று, கடனும் செலவும் போக மிஞ்சினால் அது வண்டிக்காரருடைய பணம். உண்மையான வாடகைக் கொள்முதலில் பொருளே விற்றவருடையது என்பதால் அப்படிக் கேட்கும் இடம் மிகவும் குறுகியது. ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கப் படிவம் 35 இரண்டு வகைக்கும் பொதுவானது, ஆகவே அதை வைத்து எந்த வகை என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் உங்களை வாடகைதாரர் என்று எழுதியிருக்கிறார்களா, கடன்தாரர் என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.