மணிலாத் தோலுக்குள் இருக்கும் பாகு

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நான்கு குடும்பங்கள் சேர்ந்து, பாய்லரில் எரிக்கும் பிரிக்கெட் கட்டைகளை அடிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அருகிலுள்ள மரவாடிகளிலிருந்து மரத்தூளும், மணிலா என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலையை உடைக்கும் மில்களிலிருந்து தோலும் வருகின்றன. சித்திரை, வைகாசியில் அடித்த கட்டைகள் தரையில் போட்டாலும் உடையவில்லையாம். ஐப்பசியில் அதே இயந்திரம், அதே ஆள், அதே சரக்கு. ஆனால் கட்டைகள் வாயிலிருந்து வெளியே வரும்போதே குறுக்கே வெடித்து, லாரியில் ஏற்றுவதற்குள் பாதி தூளாகிவிடுகின்றன. இயந்திரம் விற்றவர் வந்து பார்த்து, எந்தப் பழுதும் இல்லை என்று சொல்லிவிட்டார். பிறகு பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருக்கிறார்கள். "அதற்கப்புறமும் வெடிக்கிறது, என்ன காரணம்?" என்று கேட்கிறார்.

காரணம் தண்ணீர். கண்திருஷ்டி பட்டிருந்தால் அது சித்திரையிலும் பட்டிருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் இந்த விஷயத்தின் சுவையே போய்விடும். ஏனென்றால் கட்டையை வெடிக்க வைக்கும் அதே தண்ணீர்தான் கட்டையை ஒட்டவும் வைக்கிறது.

இந்த வகை இயந்திரத்தில் எந்தப் பசையும் சேர்ப்பதில்லை. மைதாக் கஞ்சி, சாணம், மரவள்ளி மாவு என்று எதுவும் வேண்டாம். கையால் அழுத்தும் சிறு அச்சுகளுக்குத்தான் அவை தேவை. பிஸ்டன் இயந்திரம் ஒரு உருக்குத் தண்டால் மரத்தூளை நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல் குத்தி, போகப்போகக் குறுகும் ஒரு குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தக் குழாயை 'டை' என்பார்கள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஆயிரம் கிலோவுக்கும் அதிகமான அழுத்தம் விழுகிறது. டையின் சுவரில் உரசி உரசியே சரக்கு சூடாகிறது. ஒவ்வொரு குத்தும் ஒரு வில்லை. வில்லைகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டித்தான் நீளமான கட்டையாக வெளியே வருகிறது. கட்டையைக் கையால் ஒடித்தால் பெரும்பாலும் வில்லைகளின் சந்திப்பில்தான் ஒடியும்.

பசை இல்லாமல் எது ஒட்டுகிறது? மரத்தின் செல் சுவரில் செல்லுலோஸ் நாரும், நாருக்கு இடையே லிக்னின் என்ற பொருளும் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். மரத்தை விறைப்பாக நிற்க வைப்பது லிக்னின். மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதுதான். மணிலாத் தோலிலும் ஏறக்குறைய அதே அளவு, சில சமயம் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. சூடானால் இளகும், ஆறினால் இறுகும் என்பது லிக்னினின் குணம். கடலை மிட்டாயில் வெல்லப்பாகு பருப்புகளைப் பிடித்து நிறுத்துகிறது அல்லவா, அந்த வேலையை இங்கே தோல் தன்னுள் இருக்கும் பாகைக் கொண்டே செய்துகொள்கிறது. துணுக்குகளின் விளிம்பில் இளகிய லிக்னின், பக்கத்துத் துணுக்கின் லிக்னினோடு கலந்து, வெளியே வந்து ஆறும்போது இறுகிவிடுகிறது. நல்ல கட்டையின் மேற்புறம் மெருகு போட்டதுபோலக் கருமையாகப் பளபளப்பது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அடுத்தது. முற்றிலும் உலர்ந்த லிக்னின் இளக 130 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதில் கொஞ்சம் ஈரம் இருந்தாலோ 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் லிக்னின் சங்கிலிகளின் இடையே புகுந்து, அவை ஒன்றை ஒன்று இறுகப் பற்றியிருப்பதைத் தளர்த்துகின்றன. அதாவது தண்ணீர்தான் பாகு இளகுவதற்கான சூட்டைக் குறைத்துக் கொடுக்கிறது. எலும்பாகக் காய்ந்த தூளைப் போட்டால் கட்டை சாம்பல் பூத்ததுபோல மெருகில்லாமல் வரும், விரலால் தேய்த்தால் உதிரும். உரசல் அதிகமாகி டை கருகும், மோட்டார் திணறும்.

ஈரம் கூடினால் என்ன ஆகும்? டைக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டினாலும் தண்ணீர் உடனே ஆவியாகிவிட முடியாது. அழுத்தம் அதைத் திரவமாகவே அடக்கி வைத்திருக்கிறது. கட்டை டையின் வாயைத் தாண்டிய கணத்தில் அழுத்தம் சட்டென்று விலகுகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1.7 லிட்டர் இடம் கேட்கும். சிறிதளவு ஆவி, துணுக்குகளின் இடைவெளி வழியாக மெல்லக் கசிந்து போய்விடும். ஆவி அதிகமானால் வழி போதாது. லிக்னினும் இன்னும் இறுகவில்லை. எனவே ஆவி, பலவீனமான இடமான வில்லைச் சந்திப்பைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. அதுதான் பண்ருட்டி வாசகர் பார்க்கும் குறுக்கு வெடிப்பு. 'புஸ்' என்ற சத்தத்தோடு கட்டைத் துண்டு பாய்ந்து வருவதும், முனைகள் பூப்போல விரிவதும் இதே காரணத்தால்தான். டைக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

டையைத் தாண்டிப் பல மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புத் தடம் இருப்பதன் பயன் இப்போது புரியும். சூட்டோடு வரும் கட்டை அதற்குள் நகர்ந்தபடியே ஆறுகிறது. முன்னால் போகும் கட்டைகளின் எடையும் உரசலும் அதைப் பின்னுக்குத் தள்ளி, விரியவிடாமல் பிடித்திருக்கின்றன. அந்த நேரத்தில் லிக்னின் இறுகிவிடும். இடம் போதவில்லை என்று சிலர் தடத்தின் நீளத்தை வெட்டிவிடுகிறார்கள். நல்ல சரக்கு போட்டும் கட்டை விரிசல் விட்டால் அதையும் பாருங்கள். காலையில் டை சூடேறும் வரை வரும் கட்டைகள் எப்படியும் உதிரும். அவற்றைப் பொடித்து மறுபடி சரக்கில் சேர்த்துவிடலாம்.

ஆக, ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 10, 11 என்றால் நிம்மதி. வாசகரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நன்கு காய்ந்த மணிலாத் தோலில் ஈரம் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பச்சை மரத்தை அறுத்த மரவாடித் தூளில் 35 சதவீதம் இருக்கலாம். உலர்ந்த தோலோடு கலந்தால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். 100 கிலோ கலவை 11 சதவீதத்துக்கு வர வேண்டுமானால் அதில் தூள் 11 கிலோதான் சேர்க்கலாம், மீதி 89 கிலோவும் தோலாக இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி கலந்தால் ஈரம் 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே தூளை முதலில் 15 சதவீதம் வரை காய வைத்துவிட்டால், 100 கிலோவில் 43 கிலோ வரை சேர்க்கலாம். அப்படிக் காய வைக்கும்போது ஒவ்வொரு 100 கிலோ ஈரத்தூளிலிருந்தும் 23 கிலோவுக்கு மேல் தண்ணீர் வெளியேற வேண்டும். சித்திரை வெயில் அதை இலவசமாகச் செய்துவிடுகிறது. ஐப்பசியில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை.

சராசரி மட்டும் சரியாக இருந்தால் போதாது. தூளின் ஈரக்கட்டிகள் கலவைக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். மொத்தத்தில் 11 சதவீதம் என்றாலும், ஒரு கட்டி டைக்குள் விழும் இடத்தில் கட்டை வெடிக்கும். கலந்த சரக்கை ஓர் இரவு தார்ப்பாயால் மூடி வைத்தால் ஈரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவிச் சமமாகும். அதற்கும் மேல் நாட்கணக்கில் குவித்து வைக்காதீர்கள். ஈரமான குவியல் உள்ளுக்குள் புழுங்கிச் சூடாகி, பூஞ்சை பிடிக்கும்.

கடலோரத்துக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. மழையில் நனையாமல் கூரைக்குள் வைத்தாலும் மரத்தூள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் சுமார் 12 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 80 என்றால் 16. கடலூரிலும் புதுச்சேரியிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் 90ஐத் தொட்டால், 20 சதவீதம் வரை போய்விடும். கோடையில் பக்குவமாக உலர்த்தித் திறந்த கொட்டகையில் குவித்து வைத்த சரக்கு, கார்த்திகை வருவதற்குள் கெட்டுப்போவது இப்படித்தான். மழைக்கு முன்பே உலர்த்தி, உள்ளே பாலித்தீன் உறை உள்ள சாக்கில் கட்டி வைத்தால் தப்பிக்கலாம்.

ஈரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். குவியலின் உள்ளேயிருந்து ஐந்தாறு இடங்களில் ஒரு பிடி எடுத்துக் கலந்து, அதில் 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். வாணலியில் மணல் பரப்பி, அதன் மேல் ஒரு தட்டில் தூளை மெல்லியதாகப் பரப்பி, சிறு தீயில் வையுங்கள். கால்மணிக்கு ஒரு தடவை எடை பாருங்கள். எடை குறைவது நின்றதும், குறைந்த கிராம்தான் ஈரத்தின் சதவீதம். தூள் பழுப்பேறினாலோ புகைந்தாலோ அந்தச் சோதனை வீண், மறுபடி செய்ய வேண்டும். இயந்திரம் வாங்க லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள், சமையலறைத் தராசு ஒன்றுக்குத் தயங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்களிடமும் ஒரு குறை உண்டு. புது இயந்திரம் என்றால் எல்லோருக்கும் ஆசை. மழைமாதத்தில் ஒரு டன் மரத்தூளைக் குறைந்த செலவில் காய வைக்கும் கொட்டகையை வடிவமைக்கிறேன் என்றால் யார் கண்ணிலும் அது ஆராய்ச்சியாகவே படுவதில்லை.

இரண்டாவது கவலை மண். மணிலாவைப் பூமியிலிருந்து பிடுங்குகிறோம். தோலின் வரிப்பள்ளங்களில் மண் ஒட்டியே வரும். மில் முற்றத்தைப் பெருக்கி அள்ளிய தோல் என்றால் இன்னும் மோசம். சுத்தமான தோலை எரித்தால் சாம்பல் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம், மரத்தூளில் அதைவிடக் குறைவு. உங்கள் சரக்கில் 100 கிராமை முழுதாக எரித்து, மிஞ்சுவது 8, 10 கிராம் என்று வந்தால் நீங்கள் மண்ணை விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். மண்ணிலுள்ள மணல் டையையும் தண்டின் முனையையும் அரம்போட்டுத் தேய்த்துவிடும். டை தேய்ந்தால் உரசல் குறையும், உரசல் குறைந்தால் சூடு போதாது, கட்டை தளரும். பாய்லரில் மணலும் சாம்பலின் பொட்டாசியமும் சேர்ந்து உருகி, கம்பிச் சட்டத்தின் மேல் கட்டியாக உறைந்துவிடும். அந்தக் கட்டியைத் தட்டி எடுக்கும் தொழிலாளிதான் உங்கள் பிரிக்கெட்டின் உண்மையான தரப் பரிசோதகர். தோல் வாங்கும்போதே ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தோல் மிதக்கும், அடியில் படிவது மண். இது மாதிரிக்கு மட்டும்தான். மொத்தச் சரக்கையும் கழுவக் கூடாது. சல்லடையில் சலித்துப் பிறகு பொடிக்க வேண்டும். முழுத்தோலாகப் போட்டால் அது தட்டையாகப் படுத்து, கட்டைக்குள் விரிசல் கோடு போட்டுவிடும்.

கடைசியாக, அடித்த கட்டைக்கும் தண்ணீர் ஆகாது. இறுகிய லிக்னின் ஆவியிடம் தப்பித்ததே தவிர மழையிடம் தப்பாது. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் ஊதி, கூழாகிவிடும். நன்கு ஆறிய பிறகே அடுக்குங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரச்சட்டம் போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். லாரியில் ஏற்றும் அன்று மேலே மட்டும் தார்ப்பாய் போட்டால் போதாது, பக்கங்களையும் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். நெய்வேலியைத் தாண்டுவதற்குள் ஒரு தூறல் போட்டால், மேலடுக்கின் காசை வாங்குபவர் கழித்துக்கொள்வார்.