‘வேக வகுப்பு’ வேண்டாம், ‘உறுதிவேகம்’ போதும்

மெமரி கார்டு விற்கும் தளங்களின் தமிழ்ப் பக்கங்களில் ‘வேக வகுப்பு 10’, ‘வேக வகுப்பு 3’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பார்த்துக் கண் புளித்துவிட்டது. ஆங்கிலத்தின் ‘ஸ்பீட் கிளாஸ்’தான் இப்படி வந்திருக்கிறது. ஸ்பீட் என்றால் வேகம், கிளாஸ் என்றால் வகுப்பு, முடிந்தது வேலை. அந்தக் கார்டை வாங்கி மூன்று மணி நேர அரங்கேற்றத்தைப் பதிவு செய்பவர் நடுவில் காட்சியை இழந்தால் அது மொழிபெயர்ப்பாளரின் கணக்கில் சேராது.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. ‘கிளாஸ்’ லத்தீனின் ‘கிளாஸிஸ்’ என்பதிலிருந்து வந்தது. ரோமில் குடிமக்களைச் சொத்தின் அடிப்படையில் பிரித்த பிரிவுகளுக்கு அந்தப் பெயர். தமிழில் ‘வகு’ என்ற வினையிலிருந்து வகுப்பு. ஆக, வேர்ப்பொருளில் இரண்டும் பொருந்தத்தான் செய்கின்றன. மெமரி கார்டு உலகத்துக்கு இந்தச் சொல் வந்தது 2006இல். பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து 2000இல் தொடங்கிய எஸ்டி கூட்டமைப்பு, 32 ஜிபி வரையிலான கார்டுகளுக்கு வழி திறந்தபோது இந்த முறையையும் கொண்டுவந்தது.

அந்த முறையில் எண் எதைக் குறிக்கிறது என்பதுதான் முக்கியம். கார்டு தொடர்ச்சியாக எழுதும்போது அதன் வேகம் இதற்குக் கீழே இறங்காது என்ற உறுதியை அது குறிக்கிறது. ‘C’ எழுத்துக்குள் 10 என்று இருந்தால் நொடிக்கு 10 மெகாபைட். ‘V’க்குப் பின்னால் 30 என்றால் 30 மெகாபைட், 60 என்றால் 60, 90 என்றால் 90. 2016இல் வந்த இந்த ‘V’ வரிசை வீடியோவுக்காகவே வகுக்கப்பட்டது. இடைக்காலத்தில் வந்த ‘U’ வரிசைதான் கொஞ்சம் ஏமாற்றும். அதில் ‘U’க்குள் 1 என்றால் 10 மெகாபைட், 3 என்றால் 30. அதாவது U3உம் V30உம் ஒரே உறுதியைத்தான் தருகின்றன. கார்டின் மேல் தனியாக அச்சிட்டிருக்கும் ரோமன் I, II என்ற குறிகள் வேறு விஷயம். அவை கார்டுக்கும் கருவிக்கும் இடையிலுள்ள இணைப்பின் தலைமுறையைச் சொல்கின்றன. எழுதும் வேகத்துக்கு அவை எந்த உறுதியும் தருவதில்லை.

இப்போது ‘வகுப்பு’ என்ற சொல் செய்யும் கோளாறைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எண்ணோடு சேர்ந்து வகுப்பு என்றால் இரண்டு இடம் நினைவுக்கு வரும். ஒன்று பள்ளிக்கூடம், மற்றொன்று ரயில். பள்ளியில் பத்தாம் வகுப்பு இரண்டாம் வகுப்பைவிட மேலானது. ரயிலில் முதல் வகுப்பு இரண்டாம் வகுப்பைவிட மேலானது. ஒரே சொல், எதிரெதிர்த் திசைகள். பணம் கொடுத்து வாங்கும் பொருள் என்று வரும்போது மனம் ரயில் பக்கம்தான் போகும். ‘வேக வகுப்பு 1’, ‘வேக வகுப்பு 3’ என்று இரண்டு கார்டுகள் அருகருகே இருந்தால், முதல் வகுப்பு உயர்ந்தது, மூன்றாம் வகுப்பு மட்டமானது என்று நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையிலோ அவர் ஒதுக்கிய மூன்றாம் வகுப்பு மும்மடங்கு உறுதி தருகிறது. ஆங்கில வாசகருக்கும் இந்தக் குழப்பம் கொஞ்சம் உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பு என்பது மூலத்தின் குழப்பத்தையும் சேர்த்துச் சுமக்கத்தான் வேண்டும் என்று எந்த இலக்கணம் சொல்கிறது?

தூய்மை விரும்பிகள் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள்: ‘விரைவு வகுப்பு’. வேகம் வடசொல், ஆகவே விரைவு. சரி, விரைவு நல்ல சொல்தான். ஆனால் திருத்த வேண்டிய பாதியை விட்டுவிட்டு, யாருக்கும் தொல்லை தராத பாதியைத் திருத்தியிருக்கிறார்கள். ‘விரைவு வகுப்பு’ என்று கேட்டால் தேர்வுக்கு முன் நடத்தும் அவசரப் பயிற்சி வகுப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு கூட்டம் ‘அதிவேக அட்டை’ என்று எழுதுகிறது. இது இன்னும் மோசம். இந்தக் குறி உச்ச வேகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. அது கீழ் எல்லையைச் சொல்கிறது. உச்ச வேகம் வேண்டுமானால் கார்டின் மேல் பெரிய எழுத்தில் 170, 200 என்று இருக்குமே, அதுதான். அதுவும் பெரும்பாலும் படிக்கும் வேகம். ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் ‘அப் டு’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தமிழாக்கத்தில் ‘வரை’ என்ற அந்த ஒரு சொல் காணாமல் போய், ‘200 மெகாபைட் வேகம்’ என்று நிற்கும். கார்டில் உள்ள படத்தைக் கணினிக்கு நகர்த்தும்போது உதவுகிற எண் அது. பதிவு செய்யும்போது கைகொடுக்காது.

என் தெரிவு ‘உறுதிவேகம்’. விரித்துச் சொல்ல இடமிருந்தால் ‘குறைந்தபட்ச எழுதுவேகம்’ என்று எழுதலாம். ‘பட்சம்’ வடமொழி என்று யாராவது கிளம்புவார்கள். கிளம்பட்டும், பொருள் புரிந்தபின் கிளம்புகிறார்கள் அல்லவா. ஒரு கலைச்சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் தரம் தெரியும். ‘இந்தக் கேமராவுக்கு உறுதிவேகம் 30 உள்ள கார்டு வேண்டும்’ என்று சொன்னால், விளக்கக் கையேடு இல்லாமலேயே கணக்கைத் தொடங்கிவிடலாம். ‘வேக வகுப்பு 3 வேண்டும்’ என்றால் அட்டவணையைத் தேட வேண்டும்.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். சோனி கேமராக்கள் சிலவற்றில் 4கே பதிவுக்கு `25p 100M` என்று ஒரு தெரிவு உண்டு. இதில் 100 என்பது நொடிக்கு 100 மெகாபிட். கார்டின் உறுதியோ மெகாபைட்டில் இருக்கிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 100ஐ எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். (இரண்டையும் ‘எம்பி’ என்றே எழுதும் பழக்கம் தமிழில் எங்கிருந்து தொற்றியதோ! பிட்டும் பைட்டும் தமிழ் எழுத்திலேயே தெளிவாக வேறுபடும்போது சுருக்குவானேன்?) இந்த 12.5, உறுதிவேகம் 10ஐத் தாண்டுகிறது. ஆகவே C10, U1, V10 மூன்றும் போதாது. அடுத்த படி 30, அதாவது U3 அல்லது V30. சோனியின் கையேடும் இந்தத் தெரிவுக்கு U3தான் கேட்கிறது. அதே கேமராவில் `25p 60M` என்று வைத்தால் 7.5 மெகாபைட், U1 போதும். 400 மெகாபிட் கேட்கும் கேமராவுக்கு 50 மெகாபைட் வேண்டும் என்பதால் V60க்குப் போக வேண்டும். கொள்ளளவும் இதே எண்ணிலிருந்து வரும். 12.5ஐ 3600ஆல் பெருக்கினால் மணிக்கு 45 ஜிபி. மூன்று மணி நேர அரங்கேற்றத்துக்கு 135 ஜிபி. 128 ஜிபி கார்டு கடைசித் தில்லானாவுக்கு முன்னாலேயே நிறைந்துவிடலாம். 256 ஜிபி வாங்குங்கள்.

உறுதிவேகம் போதாத கார்டைப் போட்டால் என்ன ஆகும்? சில கேமராக்கள் பதிவைத் தொடங்கவே மறுத்துவிடும். அது நல்ல கேமரா. மற்றவை தொடங்கிவிடும். கார்டு வாங்கிக்கொள்ளாத தரவு கேமராவின் இடைநினைவகத்தில் சேரும். அதுவும் நிரம்பியதும் பதிவு தானாக நின்றுவிடும். பதிவை நிறுத்தாமல், நடுவில் சில படச் சட்டகங்களை மட்டும் பதியாமல் விட்டுவிடும் கருவிகளும் உண்டு. ஒலி தொடர்ந்து ஓட, படம் உறைந்து, பிறகு குதித்துப் போனால் அதுதான். கார்டுதான் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிற்கும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறினால், தரத்தைக் குறைத்ததும் கோளாறு மறைந்தால், கார்டைச் சந்தேகிக்கலாம். பழைய கேமரா சரியாக 29 நிமிடம் 59 நொடியில் நின்றால் அது ஐரோப்பியச் சுங்க வரிக்காக வைத்த கால வரம்பு. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த கார்டில் கோப்பு 4 ஜிபிக்கு ஒருமுறை துண்டானால் அது கோப்பு முறையின் எல்லை. துண்டுகளைச் சேர்த்தால் காட்சி பொதுவாக முழுசாகவே இருக்கும். வெப்பத்தால் நிற்கும் கேமரா பெரும்பாலும் அதைத் திரையிலேயே சொல்லிவிடும்.

இந்த உறுதிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கார்டு தன் இடத்தைப் பெரிய தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. வெற்றுத் தொகுதிகளில் வரிசையாக எழுதும்போதுதான் உறுதிவேகம் செல்லும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படங்களை அழித்திருந்தால் பல தொகுதிகள் பாதி நிரம்பிக் கிடக்கும். அங்கே எழுத வேண்டுமானால், மீதமுள்ளதை வேறிடத்துக்கு நகர்த்தி, தொகுதியைத் துடைத்து, பிறகு எழுத வேண்டும். அந்த நேரத்தில் வேகம் சரியும். V30 கார்டே நடுவில் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம். நீண்ட பதிவுக்கு முன் உள்ளதை நகலெடுத்துவிட்டு, அந்தக் கேமராவிலேயே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து அழிப்பது அதற்கு ஈடாகாது.

போன் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கண்ணி ஒன்று உண்டு: A1, A2. இவற்றைச் ‘செயலி வகுப்பு’ என்று தமிழாக்கி, போனுக்கு இதுதான் சிறந்தது என்று விற்கிறார்கள். இவை சிறு சிறு கோப்புகளைச் சிதறலாக எழுதிப் படிக்கும் திறனைக் குறிப்பவை. செயலிகளைக் கார்டில் நிறுவினால் பயன்படும். தொடர்ச்சியாக எழுதுவதற்கு A1ஆனாலும் A2ஆனாலும் உறுதி 10 மெகாபைட்டோடு சரி. A2 என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர், அதே கார்டில் V30 குறியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 4கே பதிவுக்கு அந்தக் குறியைத்தான் நம்ப வேண்டும்.