மூன்றில் ஒரு பங்கு: பாடநூல் பத்தியைப் பயிற்சித்தாள் ஆக்கும்போது நடக்கும் தவறு

பாளையங்கோட்டையில் மாலை வேளைகளில் குடிமைப்பணித் தேர்வின் தமிழ்த்தாளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவருகிறேன். இந்தத் தாளுக்கு 300 மதிப்பெண். அதில் 75 எடுத்தால் போதும், தரவரிசைக்கு இது சேராது. அதனாலேயே பலர் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். ஆனால் அந்த 75 வராவிட்டால் பொது அறிவுத் தாள்களிலும் விருப்பப் பாடத்திலும் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அவை கணக்கில் வராது. கட்டுரைக்கு 100, பத்தியைப் படித்து விடை எழுத 60, சுருக்கி வரைதலுக்கு 60, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்க்க இருபது இருபதாக 40, மொழிப் பயன்பாட்டுக்கு 40. சுருக்கமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்தே நூறாகிவிடுகின்றன. அந்த நூறுக்கான பயிற்சித்தாளை எப்படித் தயாரிப்பது என்பதில் நான் பல வருடம் தவறு செய்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக்குப் பத்தி வேண்டும் என்றதும் கை நேரே பள்ளிப் பாடநூலுக்குப் போகும். தமிழ் தெளிவாக இருக்கும், தகவல் சரியாக இருக்கும், எந்த வீட்டிலும் கிடைக்கும். நானும் சமூக அறிவியல் நூலில் நல்லதாக ஒரு பக்கத்தைப் பார்த்து நகல் எடுத்து, "மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக" என்று மேலே எழுதிக் கொடுத்துவிடுவேன். பிள்ளைகளும் சுருக்கி வருவார்கள். சொல் எண்ணிக்கை சரியாக இருக்கும், படித்தால் ஒன்றும் விளங்காது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தம்பி, நான் குறைவாக மதிப்பெண் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "சார், மூணுல ஒண்ணு சரியா வந்துட்டுல்லா, பெறவு என்ன தப்பு?" எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அன்று இரவு அவன் தாளையும் மூலப் பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிழை என்னுடையது என்று தெரிந்தது.

பாடநூல் பத்தி ஏற்கெனவே சுருங்கியது. ஓர் ஆறு என்றால் எங்கே பிறக்கிறது, துணையாறுகள் எவை, எங்கே கடலில் சேர்கிறது என்று வரிக்கு ஒரு தகவலாக அடுக்கியிருப்பார்கள். அங்கே திரும்பச் சொல்லுதல் இல்லை, எடுத்துக்காட்டு இல்லை, ஒரு கருத்தை நிலைநாட்டும் முயற்சியும் இல்லை. அதைச் சுருக்கு என்றால் மாணவன் என்ன செய்வான்? மூன்று தகவலில் இரண்டை வெட்டிவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வான். எதை வெட்டுவது என்பதற்கு அவனிடம் காரணம் கிடையாது. தேர்வில் வரும் பத்தியோ ஒரு கருத்தை எடுத்து, காரணம் காட்டி, இடையில் ஒரு மறுப்பைச் சொல்லி, முடிவுக்கு வருகிற பத்தி. அங்கே எது தாங்குகிற தூண், எது அதன் மேல் ஏறிய பூச்சு என்று பிரித்தறிவதுதான் வேலை. பட்டியலைச் சுருக்கிப் பழகியவனுக்கு அந்தக் கண் வருவதில்லை.

ஒரு பத்தி பயிற்சிக்கு ஆகுமா என்று பார்க்க இப்போது நான் செய்வது இது. அதிலுள்ள "ஆனால்", "ஆகவே", "இருந்தாலும்", "ஏனென்றால்" போன்ற இணைப்புச் சொற்களைப் பென்சிலால் அடித்துவிடுவேன். அடிக்க ஒன்றுமே இல்லை என்றாலோ, அடித்த பிறகும் பத்தி அப்படியே நிற்கிறது என்றாலோ அது பட்டியல். இணைப்பை எடுத்ததும் வரிகள் ஒன்றோடொன்று பேசாமல் போனால் அது வாதம், சுருக்கத்துக்கு ஏற்றது. தமிழ்ப் பாடநூலின் உரைநடைப் பாடங்களில் இப்படிப்பட்ட பத்திகள் கிடைக்கும். புவியியலிலும் வரலாற்றிலும் குறைவு. அங்கே தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு நானே பத்தியைக் கட்டிக்கொள்கிறேன். எங்கள் ஆற்றைப் பற்றி அப்படிக் கட்டிய ஒன்று:

"தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதற்கு நீர் தருகின்றன. ஆகவே தமிழகத்து ஆறுகள் பலவும் கோடையில் வறண்டு மணலாகக் கிடக்கும்போதும் இதில் நீரோட்டம் இருக்கும். ஆனால் ஆற்றில் நீர் ஓடுவதால் மட்டும் வயல் விளைந்துவிடாது. ஓடும் நீரைத் தடுத்து உயர்த்திக் கால்வாயில் திருப்பிவிட அணைக்கட்டு வேண்டும். கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த வேலையைச் செய்கின்றன. கால்வாய் நீர் நேரே வயலுக்குப் போவதோடு வழியிலுள்ள குளங்களையும் நிரப்புகிறது. மழை நின்ற பிறகும் குளத்து நீரைக் கொண்டு பயிரைக் காப்பாற்றலாம். அணைக்கட்டு உடைந்தாலோ கால்வாய் தூர்ந்தாலோ குளம் மேடிட்டாலோ ஆற்றில் வெள்ளமே போனாலும் கடைமடை வயல் காய்ந்து போகும். எனவே இந்த ஆற்றைக் காப்பது என்பது அணைக்கட்டு, கால்வாய், குளம் மூன்றையும் சேர்த்துக் காப்பதுதான்."

சரியாக 90 சொற்கள். தேர்வில் வருவது இதைவிட நீளமாக இருக்கும். முதல் மாதத்துக்கு இந்த அளவு போதும். இதற்கு ஒரு மாணவி எழுதிவந்த சுருக்கம்:

"தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. இரு பருவமழையும் நீர் தருவதால் கோடையிலும் ஓடுகிறது. கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கால்வாய் நீர் வயலுக்குப் பாய்ந்து குளங்களையும் நிரப்புகிறது."

27 சொல். எண்ணிக்கையில் குறை இல்லை, பொய்யான தகவலும் இல்லை. ஊர்ப்பெயர் ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் "ஆனால்" போய்விட்டது, "எனவே" போய்விட்டது. நீர் ஓடினால் மட்டும் போதாது என்று பத்தி எதற்காக எழுதப்பட்டதோ அது இதில் இல்லை. பெயரும் எண்ணும் முக்கியம், அவற்றை விட்டால் மதிப்பெண் போகும் என்று பள்ளியில் பழகிய கை இது. சுருக்கத்தில் பெரும்பாலும் முதலில் விழ வேண்டியவையே பெயரும் எண்ணும்தான். எட்டு அணைக்கட்டு ஒன்பதாக இருந்தாலும் இந்தப் பத்தியின் வாதம் மாறாது. முதல் வரியையும் கேட்டுப் பாருங்கள்: பொதிகையும் புன்னைக்காயலும் இல்லாமல் முடிவு நிற்குமா? நிற்கும். அப்படியானால் அதை விடலாம்.

நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்காட்டியது இது:

"தாமிரபரணி இரு பருவமழையாலும் வற்றாது ஓடினாலும், அணைக்கட்டுகள் நீரைக் கால்வாயில் திருப்பினால்தான் வயலுக்கும் குளத்துக்கும் எட்டும்; குளத்து நீர் மழையற்ற நாளில் பயிரைக் காக்கும். இவற்றுள் ஒன்று கெட்டாலும் வெள்ளக் காலத்திலேயே கடைமடை வறளும். ஆகவே மூன்றையும் பேணுவதே ஆற்றைப் பேணுவதாகும்."

30 சொல். இதில் கவனிக்க வேண்டியது "ஓடினாலும்… திருப்பினால்தான்" என்ற பிணைப்பு. மூலத்தில் நான்கு வாக்கியமாக இருந்த காரணமும் மறுப்பும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிட்டன. தமிழில் சுருக்குவதற்கு "ஆல்", "ஆலும்", "தான்", "ஏ" இவைதான் கருவி. வாக்கியங்களை வெட்டி எடுத்து ஒட்டுகிறவன் இவற்றைத் தொடுவதே இல்லை. சொந்த நடையில் எழுத வேண்டும் என்று வினாத்தாளே சொல்கிறது. அந்த வரியைப் பலர் படிப்பதுமில்லை. சுருக்கத்துக்குத் தலைப்பு வேண்டாம் என்றும் அதே இடத்தில் சொல்லியிருப்பார்கள், அப்படியும் தலைப்பிட்டு அடிக்கோடு போட்டு வருகிறவர்கள் உண்டு.

சொல் எண்ணுவதில் ஒரு குறுக்குவழியும் வகுப்பில் உலவுகிறது. "காப்பாற்ற வேண்டி இருக்கிறது" என்பதை இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதினால் மூன்று சொல் ஒன்றாகிவிடுமாம். நான் அதை விடுவதில்லை. மூலப் பத்தியில் அச்சான முறைப்படி சொற்களைப் பிரித்து எண்ணு, உன் விடையிலும் அதே முறையில் பிரித்து எழுது என்பேன். இரண்டு மூன்று சொல் கூடினால் கூடட்டும்.

திருத்துவதற்கு எனக்குக் கைகொடுப்பது பத்தியைப் படிக்காத ஒருவர். விடைத்தாளை மட்டும் வேறு குழுப் பிள்ளையிடம் கொடுத்து, "இது என்ன சொல்லுது?" என்று கேட்பேன். மேலே உள்ள முதல் சுருக்கத்துக்கு வந்த பதில், "தாமிரபரணியப் பத்தி, சார்." இரண்டாவதற்கு வந்தது, "ஆத்துல தண்ணி ஓடுனா மட்டும் பத்தாது, அணைக்கட்டு, கால்வா, கொளம் எல்லாத்தையும் பாக்கணும்னு சொல்லுது." எதைப் பற்றி என்று மட்டும் சொல்ல முடிந்தால் அது சுருக்கம் ஆகவில்லை.

மொழிபெயர்ப்புக்குப் பாடநூல் வேறு விதத்தில் உதவும். நம் அரசுப் பாடநூல்கள் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் தனித்தனியாக வருகின்றன. ஆங்கிலவழி நூலிலிருந்து ஐந்தாறு வரி கொடுத்து, எழுதி முடித்த பிறகு தமிழ்வழி நூலின் அதே பக்கத்தோடு ஒப்பிடச் சொல்லலாம். கலைச்சொற்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் பாதி நினைவிலிருந்தே எழுதிவிடுவார்கள். அதனால் ஆங்கிலப் பத்தியில் ஓர் இடத்தை நான் மாற்றிவிடுவேன். காரணத்தை முன்னே கொண்டுவருவேன், அல்லது ஓர் எதிர்மறையைச் சேர்ப்பேன். அந்த மாற்றம் விடையில் இல்லை என்றால் அவர் மொழிபெயர்க்கவில்லை, ஒப்பித்திருக்கிறார். தமிழ்வழி நூலின் வாக்கியத்தை விடைக்குறிப்பாக வைப்பதும் சரியல்ல. ஆறு இரு பருவமழையாலும் "ஊட்டப்படுகிறது" என்பது போன்ற வரிகளைப் பிள்ளைகள் எழுதும்போது, ஆங்கிலத்தின் செயப்பாட்டுவினை அப்படியே ஏறி உட்கார்ந்திருப்பது தெரியும். "இரண்டு பருவமழையும் ஆற்றுக்கு நீர் தருகின்றன" என்று யார் செய்கிறார்களோ அவர்களை எழுவாயாக வைத்தால் தமிழ் தானே வரும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவதைச் சோதிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் ஆங்கிலமாக்கியதை, மூலம் பார்க்காத இன்னொருவர் அடுத்த வாரம் திரும்பத் தமிழாக்க வேண்டும். மேலே உள்ள பத்தியில் "கடைமடை வயல்" என்பதை ஒருவர் வெறுமே "கடைசி வயல்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். திரும்பி வந்தபோது அது "கடைசியாக அறுவடை செய்யும் வயல்" ஆகிவிட்டது. கால்வாயின் வால்பகுதியில் இருப்பது, தண்ணீர் கடைசியாக எட்டுவது என்ற பொருள் எங்கே தொலைந்தது என்று இருவரும் சேர்ந்து தேடினார்கள். கடைமடை என்றால் என்ன என்று அந்த ஆங்கிலத் தாளை எழுதியவருக்கே தெரியாது. திருவைகுண்டம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து விளக்கினாள்: "எங்க வயலுக்குத் தண்ணி கடைசியாத்தான் வரும், சில வருசம் வரவே வராது." பிறகு அந்த ஆங்கில வரியைக் கால்வாயின் முடிவில் இருக்கும் வயல் என்று விரித்து எழுதித் திருத்தினார்கள். ஒரு சொல்லுக்கு நான்கைந்து சொல் செலவானது. மொழிபெயர்ப்பில் அதற்கு இடம் உண்டு, சொல் கணக்கு சுருக்கத்துக்குத்தான்.

இப்போது வாரத்துக்கு ஒரு சுருக்கப் பத்தியும் இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு மொழிபெயர்ப்புப் பத்தியும்தான் கொடுக்கிறேன். முன்பு பத்து கொடுத்தேன். பத்தையும் நகல் எடுக்க எனக்குக் கால்மணி நேரம் ஆகும். இந்த ஒரு பத்தியைக் கட்டி, இணைப்புச் சொற்களை அடித்துப் பார்த்து, நானே மூன்றில் ஒரு பங்காக எழுதிப் பார்த்து எண்ணி முடிக்க ஒரு முழு மாலை போகிறது. நான் எழுதிப் பார்த்து முப்பதுக்குள் அடங்காத பத்தியை வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை.